'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று எழுதினேன். யாரும் எதுவும் செய்யவில்லை

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். தொழிலாளர் வருகைப் பதிவான செக்ரோல் எழுதி, சம்பளப் பட்டியல் போட்டு, சேலத்தில் இருக்கும் ஹெட் ஆபீஸுக்கு மெயிலில் அனுப்புவது என் வேலை. நவம்பர் மாத செக்ரோலை டிசம்பர் 9-ஆம் தேதி அனுப்பினேன். கணக்குப் பிரிவில் இருக்கும் மூத்தவர், அவருடைய உதவியாளர், ஹெச்.ஆர்., மேனேஜர் என நான்கு பேருக்கும் ஒரே மெயில்:

```
Respected Sir,
PFA checkroll for Nov. Kindly do the needful and
revert at the earliest.
```

பறிப்புக்குப் புதிதாகச் சேர்ந்த ஒன்பது பேருக்கு அப்போது பிஎஃப் எண்ணான யூஏஎன் எடுத்திருக்கவில்லை. சேலத்தில் எடுப்பார்கள் என்று நான் இருந்தேன். நான் எடுத்து அனுப்புவேன் என்று அவர்கள் இருந்தார்களாம். 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய பிஎஃப், 19-ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. இப்போது விளக்கம் கேட்டு எனக்கு மெமோ. தாமதத்துக்கு ஆகும் தொகையை என் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றும் பேச்சு அடிபடுகிறது.

ஹெச்.ஆரில் புதிதாக வந்திருக்கும் பெண், "இதெல்லாம் தப்பான இங்கிலீஷ் அக்கா, 'ப்ளீஸ் டேக் நெசசரி ஆக்‌ஷன்' என்று போடுங்கள்" என்கிறாள். ஆனால் நேரடியாக இதைச் செய்யுங்கள் என்று ஒருமுறை எழுதியதற்கே மூத்தவர் போன் போட்டு, "எனக்கே ஆர்டர் போடுறியாம்மா?" என்று கேட்டுவிட்டார். என் இங்கிலீஷ் தப்பா? எப்படித்தான் எழுதுவது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மெமோவுக்குக் கெடு இருக்கும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். பிஎஃப் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியது நிறுவனத்தின் கடமை. தாமதமானால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி. அதோடு, மாதத்துக்கோ அதில் ஒரு பகுதிக்கோ நிலுவையில் 1 சதவீதம் என்ற கணக்கில் இழப்பீடும் உண்டு. உங்கள் எஸ்டேட்டின் மாதச் சந்தா 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள் தாமதத்துக்கு வட்டி சுமார் 240 ரூபாய், இழப்பீடு 1,800 ரூபாய். இரண்டாயிரத்துச் சொச்சம்தான் வரும், அதையும் கட்ட வேண்டியது நிறுவனம்தான்.

ஊழியரின் சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை இருக்கிறது. அஜாக்கிரதையால் வந்த நஷ்டம் என்று பிடிப்பதானால், உங்கள் பொறுப்பில் ஒப்படைத்த பொருளோ நீங்கள் கணக்குக் காட்ட வேண்டிய பணமோ குறைந்திருக்க வேண்டும். அதற்கும் முதலில் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். பிஎஃப் அலுவலகம் நிறுவனத்திடம் கேட்கும் வட்டியும் இழப்பீடும் இந்தக் கணக்கில் வராது. எனவே அந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்துபோய், "நானே கட்டிவிடுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

விளக்கத்தை ஒரு பக்கத்துக்குள், தேதி வாரியாக எழுதுங்கள். 9-ஆம் தேதி செக்ரோல் போனது, யார் யாருக்குப் போனது, ஒன்பது பேருக்கு நேரே யூஏஎன் கட்டம் காலியாக இருந்தது, அதை எந்த ஆபீஸ் எடுக்க வேண்டும் என்று எழுத்தில் எந்த ஏற்பாடும் இல்லை. பிறகு 15-ஆம் தேதி வரை அங்கிருந்து யாரும் உங்களைக் கேட்கவில்லை, நீங்களும் அவர்களைக் கேட்கவில்லை. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாமல் எழுதுங்கள். உண்மை அதுதான், அதை மறைத்தால் மற்ற வரிகளின் மேலும் நம்பிக்கை போய்விடும். "எல்லாம் என் தவறு, மன்னிக்கவும்" என்று மொத்தமாக ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். அந்தத் தாள் உங்கள் கோப்பில் கிடக்கும், நாளைக்கு வேறொரு விஷயத்தில் வெளியே வரும். முடிவில், இனிமேல் யூஏஎன் எடுப்பது யார், எந்தத் தேதிக்குள் என்பதை எழுத்தில் தீர்மானித்துத் தரும்படி கேட்டு ஒரு வரி சேருங்கள். மெமோ விஷயம் இத்துடன் போதும்.

இனி உங்கள் மெயிலுக்கு வருகிறேன். தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறவன் என்ற முறையில், உள்விசாரணைகளில் இந்த மாதிரி மெயில்கள் அச்செடுத்து வாசிக்கப்படுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். 'நீட்ஃபுல்' என்ற இடம் வந்ததும் அனுப்பியவர் ஒரு அர்த்தம் சொல்வார், வாங்கியவர் இன்னொரு அர்த்தம் சொல்வார். இரண்டு பேரும் பொய் சொல்ல மாட்டார்கள், அதுதான் வேதனை.

உங்கள் இங்கிலீஷ் தப்பு என்று அந்தப் பெண் சொன்னதை நான் ஏற்கவில்லை. இது பிரிட்டிஷ்காரர்களே ஒரு காலத்தில் வியாபாரக் கடிதங்களில் எழுதிய வாசகம். அங்கே வழக்கொழிந்துவிட்டது, நம் அரசு அலுவலகங்களிலும் கம்பெனிகளிலும் தங்கிவிட்டது. இலக்கணப் பிழை எதுவும் அதில் கிடையாது. எட்டு வருடம் தப்பாக எழுதிவிட்டோமே என்று நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆனால் அந்த வாசகம் உங்கள் மெயிலில் என்ன செய்தது என்று பாருங்கள். செக்ரோலை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு இருந்தன. புதியவர்கள் ஒன்பது பேருக்கு யூஏஎன் எடுப்பது முதலாவது. பிஎஃப் தளத்தில் ஈசிஆர் என்கிற மாதாந்திரப் பட்டியலை ஏற்றிப் பணம் கட்டுவது இரண்டாவது. முதல் வேலை முடியாமல் அந்த ஒன்பது பேரை இரண்டாவதில் சேர்க்க முடியாது. இப்போது புதிய யூஏஎன் எடுக்க, அந்தத் தொழிலாளியே உமங் செயலியில் முகத்தைக் காட்டி ஆதாரோடு ஒத்துப்போக வைக்க வேண்டியிருக்கிறது. ஆள் மலையில் பறிப்பில் நிற்கும்போது, சேலத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரால் அது ஆகாது. உங்கள் பட்டியலைத் திறந்த கணக்குப் பிரிவுக்காரர், "நீட்ஃபுல்" என்றால் ஈசிஆர் போடுவது என்று எடுத்துக்கொண்டார். காலிக் கட்டங்களைப் பார்த்ததும், நம்பர் மலையிலிருந்து வரட்டும் என்று நிறுத்திவைத்தார். நீங்களோ அதே சொல்லுக்குள் இரண்டு வேலையையும் வைத்து அனுப்பியிருந்தீர்கள். நான்கு பேருக்கு அனுப்பியதால் இன்னொன்றும் நடந்தது. உதவியாளர் மூத்தவர் பார்ப்பார் என்று விட்டார், ஹெச்.ஆர். இது கணக்கு விஷயம் என்று விட்டது, மேனேஜர் தகவலுக்காக வந்த மெயில் என்று மூடிவிட்டார்.

அதனால்தான் 'ப்ளீஸ் டேக் நெசசரி ஆக்‌ஷன்' என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. 'ப்ளீஸ் லுக் இன்டு திஸ்', 'ப்ளீஸ் ஆக்‌ஷன் திஸ்' எல்லாம் கேட்கப் புதிதாக இருக்கும். டிசம்பர் 9-ஆம் தேதி மெயிலில் அவற்றில் எதைப் போட்டிருந்தாலும் 19-ஆம் தேதிதான் பணம் போயிருக்கும்.

எழுதுவதற்கு முன்னால்

இந்த வாசகத்தை நாம் மூன்று சந்தர்ப்பங்களில் எழுதுகிறோம். மேலே இருப்பவருக்கு இன்னதைச் செய் என்று சொல்லத் தயங்கும்போது எழுதுகிறோம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நமக்கே சரியாகத் தெரியாதபோது எழுதுகிறோம். வேலையை நம் மேஜையிலிருந்து நகர்த்திவிட்டோம் என்ற பதிவுக்காகவும் எழுதுகிறோம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஆகவே விரல் அந்த வாசகத்துக்குப் போகும்போது, எந்தக் காரணம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

தெரியாதது காரணம் என்றால், தெரியவில்லை என்று கேட்பதுதான் சரி. "புதியவர்களுக்கு யூஏஎன் நான் எடுக்க வேண்டுமா, அங்கே எடுப்பீர்களா?" என்ற ஒரு கேள்வி டிசம்பர் 9-ஆம் தேதி போயிருந்தால் அன்று மாலையே பதில் வந்திருக்கும். எட்டு வருட அனுபவம் உள்ளவர் இதைக் கேட்பதா என்று நினைக்காதீர்கள். முகம் காட்டி எடுக்கும் முறை 2025 ஆகஸ்டில்தான் கட்டாயமானது, பல ஆபீஸ்களிலும் இந்தக் குழப்பம் இருந்தது.

வேலையை நகர்த்துவது காரணம் என்றால், யாரிடம் நகர்த்துகிறீர்கள் என்று ஒருவர் பெயரையாவது முடிவு செய்யுங்கள். செய்ய வேண்டியவர் மட்டும் பெறுநர் இடத்தில் இருக்கட்டும். தெரிந்திருந்தால் போதும் என்பவர்கள் சிசியில் இருக்கட்டும். இரண்டு பேருக்கு இரண்டு வேலை என்றால், ஒரே மெயிலில் ஆளுக்கொரு வரியாக எழுதலாம், இல்லை இரண்டு மெயிலாகவே அனுப்பலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இப்போது உங்கள் அடுத்த மெயிலையே எழுதிப் பார்ப்போம். டிசம்பர் மாத செக்ரோலுக்கான கெடு ஜனவரி 15. அன்றைக்குப் பொங்கல். 'அட் தி எர்லியஸ்ட்' என்று எழுதினால் ஆளாளுக்கு ஒரு தேதி நினைத்துக்கொள்வார்கள், அதில் ஒருவராவது 15 என்றே நினைப்பார். புதியவர்கள் இந்த முறை நான்கு பேர் என்று வைத்துக்கொள்கிறேன்.

```
Subject: PF for December: please file by Mon 12 Jan

Sir,

The December checkroll is attached (sheet 1, 64 workers).

Could you please file the ECR and pay by Monday,
12 January? The due date, 15 January, is Pongal.

Four workers are new (sheet 2). I will get their UANs
here and send them to you by Friday, 9 January. If any
are still pending that evening, I will send you the
names so that you can file for the rest.

Thank you, Sir.
```

பழையதைவிட இது நீளம்தான். ஆனால் பொருள் வரியை மட்டும் படித்தாலே எந்த மாதம், என்ன வேலை, என்றைக்குள் என்று தெரிந்துவிடுகிறது. போனில் மெயில் பார்ப்பவர்களுக்குப் பல நேரம் அந்த வரிதான் கண்ணில் படும். தேதியோடு கிழமையும் போட்டிருக்கிறேன். தேதியில் கை தவறியிருந்தால் கிழமை காட்டிக்கொடுக்கும். அரசு வைத்த கெடுவைக் கேட்கும் தேதியாகப் போடாமல், மூன்று நாள் முன்னால் வைத்து, ஏன் என்றும் ஒரு வரியில் சொல்லியிருக்கிறது. காரணம் இல்லாமல் வரும் தேதி அதட்டலாகத் தெரியும். பொங்கல் விடுமுறை என்று தெரிந்தால் அவரே ஒப்புக்கொள்வார்.

மூன்றாவது பத்திதான் டிசம்பரில் உங்களிடம் இல்லாமல் போனது. உங்கள் பங்கு வேலையை நீங்களே எழுதி, அதற்கும் ஒரு தேதி வைக்கிறீர்கள். மலையில் சிக்னல் போய்விட்டது, ஆதாரில் பெயர் ஒத்துவரவில்லை என்று ஓரிருவர் நின்றுபோனால் என்ன செய்வது என்பதும் அங்கேயே இருக்கிறது. மீதிப் பேருக்குக் கெடுவுக்குள் கட்டிவிட்டு, நின்றுபோனவர்களுக்குத் துணைப் பட்டியல் பின்னால் போடலாம். நவம்பரில் ஒன்பது பேருக்காக எல்லாருடைய பணமும் காத்திருந்ததே, அது இந்த முறை நடக்காது. ஆனால் அந்த ஓரிருவருக்கான தொகைக்கு வட்டியும் இழப்பீடும் ஓடும் என்பதால், அதையும் ஆறப் போட வேண்டாம்.

மூத்தவரிடம் எப்படிக் கேட்பது

அவர் கோபப்பட்டதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். முப்பது வருடம் 'கைண்ட்லி'யோடு கடிதம் வாங்கிய மனிதருக்கு, "ஃபைல் த ஈசிஆர் பை மண்டே" என்று மொட்டையாக ஒரு வரி வந்தால் சுருக்கென்றுதான் இருக்கும். அவருக்கு மரியாதை வேண்டும், உங்களுக்குத் தெளிவு வேண்டும். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் வைக்கலாம். 'குட் யூ ப்ளீஸ்' என்று கேள்வியாகத் தொடங்கினால் முடிவு அவர் கையில் இருப்பதாக அமைந்துவிடுகிறது. வேலையும் தேதியும் அந்தக் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கின்றன. 'சார்' என்பதை எடுக்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் கேட்க வேண்டாம். நம் ஊர் ஆபீஸில் அது இயல்பான விளி, அதனால் எந்தக் குழப்பமும் வருவதில்லை. 'ரெஸ்பெக்டட் சார்' என்று எழுதித்தான் ஆக வேண்டுமா என்றால், கூட வேலை பார்ப்பவருக்கு 'சார்' போதும். அவருக்கு அது குறையாகப் பட்டால் அவருக்கு மட்டும் பழையபடியே எழுதிவிட்டுப் போங்கள். அந்த ஒரு சொல்லால் எந்த வேலையும் நிற்காது.

'கைண்ட்லி' என்ற சொல்லும் தன்னளவில் கெட்டதில்லை. ஆனால் அது அடுக்கிக்கொண்டே போகும். 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி ப்ளீஸ்' என்று மூன்று வேண்டுகோள் ஒரே வரியில் வந்தால், படிப்பவர் வேலை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். 'கைண்ட்லி நோட்', 'கைண்ட்லி ரிப்ளை இம்மீடியட்லி' போன்ற இடங்களில் அதுவே அதட்டலாக மாறிவிடுகிறது. ஒரு மெயிலுக்கு ஒரு 'ப்ளீஸ்', முடிவில் ஒரு நன்றி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். அவரைச் சுட்டது உங்கள் வாக்கியமா, சிசியில் இருந்த மேனேஜரா? சொல்வதற்கு முன்பே மேலிடத்துக்கும் நகல் போய்விட்டால், அதைப் புகார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வழக்கமான மாத மெயிலில் மேனேஜரை விட்டுவிடுங்கள். முதல் முறை மட்டும், அனுப்புவதற்கு முன் போன் போட்டு, "சார், போன மாசம் ரெண்டு பேருக்குமே சங்கடமாயிடுச்சு. இனிமே யார் எதைச் செய்யறதுன்னு மெயில்லயே போட்டுடறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். பேசி முடித்ததை எழுத்தில் உறுதிசெய்யும் மெயிலாக அது மாறிவிடும். பெரும்பாலும் இங்கேயே விஷயம் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் அவர் மறுத்தால், வேலைப் பங்கீட்டை எழுத்தில் தரச் சொல்லி மேனேஜரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மெமோ விளக்கத்தில் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

உங்களுக்கே அப்படி ஒரு மெயில் வந்தால்

மேலே இருந்து "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று வருவதை உங்களால் நிறுத்த முடியாது, அவரைத் திருத்தப் போகவும் வேண்டாம். நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்பதைப் பதிலில் எழுதிவிடுங்கள்.

```
Sir, I take this to mean: get the four UANs and send
them by Friday, 9 January. I will do that. If you need
anything else on this, please tell me by tomorrow noon.
```

அவர் நினைத்தது வேறு என்றால் உடனே சொல்லிவிடுவார். பேசாமல் இருந்தால், நீங்கள் ஒப்புக்கொண்ட வேலை எது என்பதற்கு உங்களிடம் எழுத்து இருக்கிறது. விசாரணையில் இந்த மாதிரி ஒரு பதில் மெயில் கையில் இருக்கும் ஊழியருக்காகப் பேசுவது வக்கீலுக்கு எவ்வளவோ சுலபம். ஆனால் பெரிய பணமோ கெடுவோ சம்பந்தப்பட்ட விஷயத்தில் அவருடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கூடவே வரும் சில சொற்கள்

'ரிவர்ட்' என்று நாம் பதில் சொல்வதற்கு எழுதுகிறோம். இந்தியாவுக்குள் எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டில் காப்பி வாங்குபவருக்கோ கம்ப்யூட்டர் பிரிவுக்கோ போகும் மெயிலில் அதைத் தவிருங்கள். அங்கே அந்தச் சொல்லுக்குப் பழைய நிலைக்குத் திருப்புவது என்று அர்த்தம். சாஃப்ட்வேரில் ஒரு மாற்றம் செய்தவரிடம் "ப்ளீஸ் ரிவர்ட்" என்று எழுதினால், செய்த மாற்றத்தையே எடுத்துவிடக்கூடும். `reply` என்று எழுதினால் போதும், எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று சேர்த்தால் இன்னும் நல்லது.

'த சேம்' என்பது ஒரு இணைப்பு இருக்கும்போது புரியும், இரண்டு மூன்று இருக்கும்போது புரியாது. செக்ரோல், அட்வான்ஸ் பட்டியல், லீவு பட்டியல் மூன்றையும் அனுப்பி, "ப்ளீஸ் சைன் த சேம்" என்றால் எதில் கையெழுத்துப் போடுவது? பொருளின் பெயரையே இன்னொரு முறை எழுதிவிடுங்கள்.

'ஜென்டில் ரிமைண்டர்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீட்ஃபுல் மெயில் போன இடத்தில் அடுத்து அதுதான் போகும். முதல் மெயிலில் வேலை என்னவென்று இல்லாதபோது, நினைவூட்டலும் எதை நினைவூட்டுவது என்று தெரியாமல் வெறுமனே மேலே மிதக்கும். எது பாக்கி, எப்போதுக்குள், உங்கள் பக்கம் ஏதாவது தடையா என்று கேட்டு எழுதுங்கள்.

```
Sir, the December ECR is still to be filed. Our office
closes for Pongal on Tuesday evening, 13 January.
Is anything pending from my side?
```

கடைசிக் கேள்வி முக்கியமானது. டிசம்பர் 12-ஆம் தேதி வாக்கில் இப்படி ஒரு கேள்வி போயிருந்தால், "யூஏஎன் வரலையேம்மா" என்று அவர் சொல்லியிருப்பார், 15-க்கு முன் இரண்டு மூன்று நாள் கையில் இருந்திருக்கும். மரியாதைக் குறைவாகவும் அதில் எதுவும் இல்லை.

எங்கே மாற்ற வேண்டாம்

நான் சொன்னதெல்லாம் கூட வேலை பார்ப்பவர்களுக்குப் போகும் மெயிலுக்கு. சேலம் பிஎஃப் அலுவலகத்துக்கோ கலெக்டர் ஆபீஸுக்கோ வங்கிக்கோ போகும் கடிதத்தில் பழைய வடிவம் எதிர்பார்க்கப்படும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. 'ரெஸ்பெக்டட் சார்', 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' அங்கே இருக்கட்டும். ஆனால் அங்கும் கேட்பது இன்னதென்று ஒரு வரி வேண்டும். ஒரு தொழிலாளியின் பெயர்த் திருத்தத்துக்கு எழுதுகிறீர்கள் என்றால், அவருடைய யூஏஎன், இப்போது இருக்கும் பெயர், இருக்க வேண்டிய பெயர், இணைத்திருக்கும் ஆவணம் நான்கையும் எழுதிவிட்டு, கடைசியில் 'டூ த நீட்ஃபுல்' என்று போட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. வேலை என்னவென்று மேலேயே சொல்லியாகிவிட்டதே.

ஜனவரி 5, திங்கட்கிழமை செக்ரோல் உங்கள் கையில் முடிந்துவிடும் என்றால், அன்றைக்கே இந்த மெயிலை அனுப்பிவிடுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற தொழிலாளிகள் அதற்கு முந்தைய வாரமே கிளம்பத் தொடங்கிவிடுவார்கள். அந்த நான்கு பேரையும் 6, 7 தேதிகளுக்குள் எடை போடும் இடத்துக்கு வரும்போதே நிறுத்திவைத்து முகம் காட்ட வைத்துவிடுங்கள். ஆதாரோடு இணைந்த போன் நம்பர் அவர்களிடம் இருக்கிறதா என்று முதல் நாளே மேஸ்திரியை விட்டுக் கேட்டுவையுங்கள்.